கட்டைவிரல் படத்தை நம்பி பில் போட்ட கதை

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதக் கடைசியில் 1,80,000 ரூபாய்க்கு ஒரு பில் போட்டேன். பணம் வரவில்லை. அந்தப் பில்லுக்கான ஜி.எஸ்.டி 32,400 ரூபாய் மட்டும் அடுத்த மாதம் 20-ம் தேதி என் கணக்கிலிருந்து அரசாங்கத்துக்குப் போய்விட்டது. வராத பணத்துக்கு வரி கட்டிய அந்த நாளில்தான், சாஃப்ட்வேர் எழுதுவது மட்டுமல்ல, அதற்குப் பில் எழுதுவதும் தனித் தொழில் என்று உறைத்தது.

நாங்கள் மூன்று பேர். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. சுற்று வட்டாரத்துக் கடைகள், மில்கள், கிட்டங்கிகளுக்குக் கணக்கு, இருப்பு, பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. மேலே சொன்ன வேலை ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு. மொத்தம் ஆறு லட்சம். ஒப்பந்தம் என்று ஒரு பக்கத்தில் நான் டைப் செய்தது இதுதான்: ஆரம்பத்தில் 40 சதவீதம், பாதி முடிந்ததும் 30, முழுசாக முடிந்ததும் 30. அப்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பாதி முடிந்தது என்று எப்படி முடிவு செய்தேன் என்றால், 40 ஸ்கிரீன் போட வேண்டும் என்று என் நோட்டில் கணக்கு, அதில் 22 முடிந்திருந்தது. அதை ஓட விட்டு நாலு நிமிஷ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முதலாளியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. சந்தோஷமாகப் பில்லைப் போட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துப் பணம் கேட்டுப் போனால், "பாதி எங்க முடிஞ்சிருக்கு தம்பி? கிட்டங்கி இருப்பே இன்னும் வரலைல்லா" என்றார். கட்டைவிரல் போட்டீர்களே அண்ணாச்சி என்றேன். "அது வீடியோ பாத்துட்டேன்னு போட்டது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அன்றைக்கு அது எனக்குப் புரியாததால் ஊரெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். என்னுடைய பாதி நான் உழைத்ததன் பாதி. அவருடைய பாதி அவர் கடையில் உட்கார்ந்து பயன்படுத்தக்கூடியதன் பாதி. 22 ஸ்கிரீன் இருந்தும் ஒரு சரக்கை உள்ளே வரவு வைத்து வெளியே பில் போட முடியாது என்றால் அவருக்கு அது பூஜ்யம்தான். சதவீதத்தில் பேசியதால் இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்து வேறு வேறு விஷயத்தைப் பேசியிருக்கிறோம். ஐந்து மாதம் இழுத்து, 40,000 குறைத்துக்கொண்டுதான் அந்தப் பணம் வந்தது. குறைத்ததற்கு கிரெடிட் நோட் போட்டு, அதற்குண்டான வரியைக் கழித்து, அது ஒரு தனி அலைச்சல்.

அந்த கிரெடிட் நோட்டுக்காகப் போனபோதுதான் எங்கள் ஆடிட்டர் சார் கேட்டார், "இந்தப் பில்லு எந்த வேலைக்கு? அவர் ஏத்துக்கிட்டார்ங்கிறதுக்குப் பேப்பர் எங்க?" இரண்டுக்கும் பதில் இல்லை. பில்லில் "சாஃப்ட்வேர் வேலை, இரண்டாம் தவணை" என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். பிறகு அவர் விளக்கிய விஷயம் எங்களைப் போன்ற பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு மேல் ஓடுகிற, தவணை தவணையாகப் பணம் வாங்குகிற சேவை ஒப்பந்தத்தை ஜி.எஸ்.டி சட்டம் தொடர் சேவை என்று பார்க்கிறது. அதில் பணம் ஒரு தேதியோடு கட்டப்பட்டிருந்தால் அந்தத் தேதிக்குள் பில் போட வேண்டும். ஒரு நிகழ்வு முடிவதோடு கட்டப்பட்டிருந்தால் அந்த நிகழ்வு முடியும் நாளுக்குள் பில் போட வேண்டும். அதாவது எந்த நாளில் பில் போடுவது, எந்த மாதத்தில் வரி கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் நாம் எழுதுகிற அந்த ஒற்றை வரிதான் தீர்மானிக்கிறது. "டெலிவரி ஆனதும்" என்று எழுதினால் சாஃப்ட்வேரைக் கொண்டுபோய் வைத்த அன்றே பில், அவர் ஒரு மாதம் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும் நாம் வரியைக் கட்டியிருப்போம். "வாங்குபவர் சோதித்து ஏற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும்" என்று எழுதினால் நிகழ்வு என்பது அந்தக் கையெழுத்து. பில் தேதியும் அதே நாள். அதற்கு முன்னால் பணம் வாங்கினால் மட்டும் வேறு கதை: சேவைக்கு அட்வான்ஸ் வாங்கினால் வாங்கிய மாதமே அதற்கு வரி உண்டு, ரசீது வவுச்சரும் போட வேண்டும்.

சரி, இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனோம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி மில். நெல் லாரி உள்ளே வந்து எடைமேடையில் ஏறுவதிலிருந்து அரிசி மூட்டை பில்லாகி வெளியே போவது வரை ஒரே சாஃப்ட்வேரில் வேண்டும். எட்டு லட்சம் பேசினோம். இந்த முறை சதவீதத்திலிருந்து ஆரம்பிக்காமல், அந்த மில்லில் எந்தெந்த இடத்தில் ஒருத்தர் உட்கார்ந்து எதைத் தனியாகப் பயன்படுத்த முடியும் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். ஆறு கட்டம் வந்தது. முதலில் என்னென்ன வேண்டும் என்ற தேவைப் பத்திரம், 80,000. அப்புறம் எடைமேடையும் நெல் கொள்முதலும், இரண்டு லட்சம். அரவையும் இருப்பும் 1,60,000. விற்பனைப் பில் இரண்டு லட்சம். பழைய கணக்கை ஏற்றிப் பயிற்சி கொடுப்பது 80,000. கடைசியாக, 30 நாள் நிற்காமல் ஓடிக் காட்டியதும் மிச்சம் 80,000.

பெரிய அட்வான்ஸ் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்த முதல் கட்டம். இரண்டு வாரத்தில் முடிகிற, கையில் கொடுக்கிற ஒரு பொருளுக்கு 80,000. நம்மூர் வியாபாரிகளுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கை வராது, ஆனால் கையில் வாங்கிய சாமானுக்குக் காசை எண்ணி வைத்துவிடுவார்கள். அதோடு அந்தப் பத்திரத்தில் மில்லின் கணக்குப்பிள்ளை பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார், அது பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அரைப் பக்கம் எழுதினோம். ஒப்படைக்கும் பொருள் என்ன, அதை எப்படிச் சோதிப்பது, யார் கையெழுத்துப் போடுவார், எத்தனை நாளுக்குள். இதில் சோதிப்பதைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். "எடைமேடையோடு சாஃப்ட்வேர் சரியாக இணைந்திருக்க வேண்டும்" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். சரியாக என்றால்? எங்கள் கூட்டாளி ஒருத்தர் அதை அடித்துவிட்டு இப்படி மாற்றினார்: "தொடர்ந்து வரும் 20 நெல் லோடுகளுக்கு மொத்த எடை, வெறும் வண்டி எடை, நிகர எடை மூன்றும் எடைமேடை மெஷின் அச்சடிக்கும் சீட்டோடு ஒரு கிலோகூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும்." இப்போது இதற்கு ஆமாம் அல்லது இல்லை என்று இரண்டு பதில்தான். முதலாளியின் அன்றைய மனநிலைக்கு இதில் இடமில்லை.

எடைமேடை வேலை பிப்ரவரி முதல் வாரம் தயார். தேதியை யோசிக்காமல் நான் செய்த மடத்தனம் இது. பிப்ரவரி என்றால் பிசான அறுவடை. தாமிரபரணிப் பாசனம் முழுக்க நெல் அறுத்துக் களத்துக்கு வருகிற நேரம். மில் வாசலில் டிராக்டரும் லாரியுமாக ரோடு வரை நிற்கிறது. சோதிக்க ஏழு வேலை நாள் என்று எழுதியிருந்தோம், ஏழு நாளும் போனது, ஒருத்தரும் அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை. மில் முதலாளி அண்ணாச்சியிடம் போய்க் காகிதத்தை நீட்டினால், "நெல்லு வண்டி வரிசையா நிக்கி, இப்பப் போயி கையெழுத்தா? மாசி கழியட்டும் தம்பி" என்றார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஏழு வேலை நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும். சட்டத்திலும் இதற்குத் துணை உண்டு. நாங்கள் உத்யம் பதிவு வைத்திருக்கிற குறு நிறுவனம். 2006-ம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ சட்டப்படி வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்ற நாள். பணம் தருவதற்கு எழுத்தில் என்ன தவணை பேசியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது, எதுவும் பேசாவிட்டால் 15 நாள்தான். ஆக எட்டாம் நாள் காலையில் பில்லை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நான் அனுப்பவில்லை. வேலையே செய்து பார்க்காத ஒரு மனுஷனிடம் "நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள்" என்று பில்லை நீட்டினால், மிச்சமிருக்கிற நாலு கட்டமும் வம்பில்தான் முடியும். அந்த வரி தாக்குவதற்கு இல்லை, ஆளைச் சோதனைக்கு உட்கார வைப்பதற்கு. ஒரு வரி மெயில் மட்டும் போட்டேன்: "ஏழு நாள் முடிந்துவிட்டது, ஒப்பந்தப்படி பில் போடலாம், ஆனால் நான் நேரில் வந்து இரண்டு நாள் எடைமேடையிலேயே இருந்து 20 லோடும் பார்த்துத் தருகிறேன், அதுவரை பொறுக்கிறேன்." சாயங்காலமே போன் வந்தது, வாங்க என்று.

35 கிலோமீட்டர் சொச்சம், விடியற்காலை பஸ். எடைமேடை அறை ஒரு ஆள் கால் நீட்டப் படுக்கிற அளவு. மேஜையில் எடை காட்டும் மெஷின், அதன் பின்னால் இருந்து ஒரு சீரியல் கேபிள் எங்கள் கம்ப்யூட்டருக்கு வருகிறது. அந்தக் கேபிளில் மெஷின் ஓயாமல் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும், நாங்கள் அதில் ஒன்றைப் பிடித்துப் பதிவு செய்ய வேண்டும். முதல் ஆறு லோடு அச்சு மாதிரி சரியாக இருந்தது. ஏழாவது ஒரு டிராக்டர். ஓட்டி வந்த பையன் வேகமாக ஏற்றி சடக்கென்று பிரேக் போட்டான், டிரெய்லர் குலுங்கிக்கொண்டிருக்கும்போதே ஆபரேட்டர் பட்டனை அமுக்கிவிட்டார். மெஷின் சீட்டில் 7,360. எங்கள் ஸ்கிரீனில் 7,390. மேடை ஆடி அடங்குவதற்குள் வந்த எண்ணைப் பிடித்துவிட்டோம். ஆபீசில் ஆடாத எடையை வைத்தே சோதித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கவே வழியில்லை. எடை மூன்று விநாடி மாறாமல் நின்றால்தான் பட்டன் வேலை செய்யும் என்று அங்கேயே உட்கார்ந்து மாற்றி, எண்ணிக்கையைத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினோம். தொடர்ந்து 20 என்று எழுதியிருந்ததால் ஆறைக் கணக்கில் வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இருந்தும் வைத்துக்கொள்ளவில்லை. கணக்குப்பிள்ளை அதைக் கவனித்தார் என்று பின்னால் தெரிந்தது.

இரண்டாம் நாள் வேறொன்று வந்தது. ஒரு லோடு நிகர எடை 5,240 கிலோ, ஈரக் கழிவு 2 சதவீதம். கணக்குப் போட்டால் 104.8 கிலோ. சாஃப்ட்வேர் அதை 105 ஆக்கியது. கணக்குப்பிள்ளை தன் நோட்டில் 104 என்று எழுதினார். "பின்னத்த விவசாயிக்குத்தான் விடணும், அதான் இந்த மில்லு வழக்கம்" என்றார். எங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். "ஈரக் கழிவு மில் வழக்கப்படி." அந்த வழக்கம் என்ன என்று நான் கேட்டு எழுதியிருக்க வேண்டும். வாய் பேசாமல் இலவசமாகத் திருத்திக் கொடுத்தேன், இது எங்கள் குறை.

அன்று மத்தியானமே மூன்றாவதாக ஒன்று. ஒரு வயசான விவசாயி சீட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன கோட்டன்னு போடலியே" என்றார். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்னும் நெல்லைக் கோட்டையில்தான் பேசுவார்கள், 21 மரக்கால் ஒரு கோட்டை. சீட்டில் கிலோவும் மூட்டையும் மட்டும்தான் இருந்தது. அண்ணாச்சி உடனே, கோட்டை வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

இங்கேதான் அந்த முதல் கட்டத்துப் பத்திரம் கை கொடுத்தது. நாலாம் பக்கத்தில் கொள்முதல் சீட்டின் மாதிரி படமாகவே இருந்தது, கிலோ, மூட்டை, கழிவு, விலை, அவ்வளவுதான், கீழே கணக்குப்பிள்ளையின் கையெழுத்து. ஈரக் கழிவில் பத்திரம் தெளிவில்லாமல் இருந்தது, ஆகவே அது குறை. கோட்டை பத்திரத்திலேயே இல்லை, ஆகவே அது புதுத் தேவை. குறை இருந்தால் கையெழுத்தை நிறுத்தி வைக்கலாம். புதுத் தேவையைக் காட்டி நிறுத்தி வைக்கக் கூடாது, அதற்குத் தனி விலை, தனி ஏற்பு, தனி பில். மூன்று நாள் வேலை, 18,000 என்றேன். "ஒரு கோட்டக் கணக்குக்கா இவ்வளவு?" என்று முறைத்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. எங்கள் தாத்தா வீட்டுக் குதிருக்கு எத்தனை கோட்டை பிடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான், இந்த ஊர்க்காரனாக இருந்துகொண்டு அதைக் கேட்காமல் விட்டது அசட்டுத்தனம். பாதிக்கு இறங்கி 9,000 என்று முடித்தோம். ஆனால் அதைத் தனித் தாளில் எழுதி, இரண்டாம் கட்டத்தின் ஏற்பை இது தடுக்காது என்று ஒரு வரி சேர்த்து, அதிலும் கையெழுத்து வாங்கினேன். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் 9,000 ரூபாய் வேலை இரண்டு லட்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிப்ரவரி 20 மாலை 20-வது லோடு. ஏற்புக் கடிதம் ஒரே பக்கம்: கட்டத்தின் பெயர், சாஃப்ட்வேரின் எந்தப் பதிப்பு, எந்தச் சோதனை, முடிவு, நிலுவையில் உள்ள சில்லறைக் குறைகள் (எழுத்து வெட்டுப்படுவது, ஒரு தலைப்பில் எழுத்துப் பிழை), அவற்றை எந்தத் தேதிக்குள் சரிசெய்வோம். வேலையையே நிறுத்துகிற குறை என்றால்தான் ஏற்பை மறுக்கலாம், சில்லறைக் குறையைப் பட்டியலில் ஏற்றிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று முன்பே பேசியிருந்தோம். இருபது சீட்டையும் பின் அடித்து அதோடு இணைத்தேன். கையெழுத்துப் போடப் போனால் அண்ணாச்சி தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில். நல்லவேளை, அவர் இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை போடலாம் என்று முதலிலேயே அவர் கையால் ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தேன். யார் கையெழுத்து செல்லும் என்பதை எழுதாமல் விட்டால் ஆள் இல்லை என்பதே ஒரு காரணமாகி மாதக்கணக்கில் போகும்.

அன்று இரவே பஸ்ஸில் வரும்போது கூட்டாளியிடம் சொல்லி அந்தப் பதிப்புக்கு ஒரு முத்திரை வைக்கச் சொன்னேன்:

```
git tag -a M2-ACC -m "இரண்டாம் கட்டம் ஏற்பு 20-02"
git push origin M2-ACC
```

இது எதற்கு என்றால், நாலு மாதம் கழித்து "அப்ப சரியா இருந்துச்சு, இப்ப இல்ல" என்றோ "அப்பவே சரியில்ல" என்றோ பேச்சு வரும். வந்தது. அந்த முத்திரையிட்ட பதிப்பை எடுத்து ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும், ஏற்ற பொருளிலேயே இருந்த குறையா, பின்னால் நாம் மாற்றும்போது உடைத்ததா என்று.

அன்றைய தேதியிலேயே பில். அதில் எழுதிய வரியை அப்படியே தருகிறேன், முன்பு எழுதிய "இரண்டாம் தவணை"யோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்:

```
கட்டம் M2: எடைமேடை இணைப்பு, நெல் கொள்முதல்
ஏற்புக் கடிதம்: M2, நாள் 20-02
பதிப்பு: M2-ACC    SAC: 998314
மதிப்பு 2,00,000 + ஜி.எஸ்.டி 36,000 = 2,36,000
```

ஒரு பில்லுக்கு ஒரு ஏற்புக் கடிதம். இரண்டு கட்டத்தைச் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டால் அவர்களுக்கும் சௌகரியம், எனக்கும் ஒரு வேலை மிச்சம் என்று மூன்றாம் கட்டத்தில் சபலம் வந்தது. செய்யவில்லை. ஒன்றில் சண்டை வந்தால் இரண்டின் பணமும் நிற்கும். கோட்டைக் கணக்குக்கும் 9,000-க்கு அதே மாதிரி தனி பில்தான்.

பணம் தர 15 நாள் என்று ஒப்பந்தம். 15 நாள் ஆகியும் வரவில்லை, அறுவடை நேரத்தில் மில்காரர் கையிலிருக்கும் காசெல்லாம் நெல்லாகத்தான் நிற்கும், அது எனக்கும் தெரியும். மார்ச் 27-ம் தேதி மில்லின் ஆடிட்டரே எனக்குப் போன் பண்ணினார். உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்குப் பேசிய கெடுவுக்குள் பணம் தராவிட்டால், எந்த வருஷம் உண்மையில் பணம் கொடுக்கிறார்களோ அந்த வருஷம்தான் அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும் என்று ஒரு விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது ஏற்புக் கடிதத்தின் நகலும் பில்லில் எங்கள் உத்யம் எண்ணும். 30-ம் தேதி பணம் வந்துவிட்டது, அவர்கள் பிடித்த டி.டி.எஸ் 4,000 போக 2,32,000. டி.டி.எஸ் வரி இல்லாத இரண்டு லட்சத்துக்கு மட்டும்தான் பிடித்தார், ஜி.எஸ்.டியைப் பில்லில் தனியாகக் காட்டியதால். முன்பு ஐந்து மாதம் நான் கெஞ்சி வாங்கிய வகையறாவை இப்போது அவர்கள் ஆடிட்டர் எனக்காகத் துரத்தினார்.

மற்ற கட்டங்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விற்பனைப் பில்லுக்குச் சோதனையாக, பையில் அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ மூட்டைக்கு 5 சதவீத வரி விழ வேண்டும், 26 கிலோ மூட்டைக்கு விழக் கூடாது என்று எழுதினோம், அதில் ஒரு சத்தமும் இல்லை. பழைய கணக்கை ஏற்றியபோதுதான் ஒரு வேடிக்கை. விவசாயிகள் பாக்கிப் பட்டியலின் மொத்தக் கூட்டுத்தொகை நோட்டின் கடைசிப் பக்கத்து மொத்தத்தோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்பது சோதனை. 1,350 ரூபாய் இடித்தது. இரண்டு நாள் எங்கள் ஆட்கள் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் கணக்குப்பிள்ளையே கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்து, நோட்டில் ஒரு பக்கத்துக் கூட்டல் தப்பு என்று கண்டுபிடித்தார். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அடுத்த வேலையிலிருந்து சோதனையை மாற்றிவிட்டேன்: மொத்தத்தை ஒப்பிடுவதில்லை, அவர்களே தேர்ந்தெடுக்கிற 25 பேரின் கணக்கை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறோம்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. வாங்குபவரிடம் காசே இல்லை என்றால் எந்தக் கடிதமும் காசை வரவழைக்காது, ஆனால் ஒரு கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நஷ்டம் அந்த அளவோடு போகும். ஒரு லட்சத்துக்குள் இருக்கும் வேலைக்கு இரண்டு கட்டத்துக்கு மேல் பிரிக்காதீர்கள், ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு நாள் அலைச்சல் இருக்கிறது. நான் அடுத்த ஒரு வேலையை ஆர்வக்கோளாறில் பதினோரு கட்டமாகப் பிரித்தேன், பாதி நேரம் நாங்கள் சாஃப்ட்வேர் எழுதவில்லை, கடிதம்தான் எழுதினோம். இன்னொன்று, அறுவடை, தீபாவளி, மார்ச் கணக்கு முடிப்பு, இந்த மாதங்களில் சோதனைக் கெடுவை வைக்காமல் ஒப்பந்தம் போடும்போதே நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கட்டம், 30 நாள் நிற்காமல் ஓட வேண்டும் என்றது. 23-ம் நாள் காலையில் அண்ணாச்சி போனில், "ஒங்க சாஃப்ட்வேர் செத்துப்போச்சு தம்பி, எடை வரமாட்டுக்கு. நாள முதல்ல இருந்து எண்ணுங்க." பஸ் பிடித்துப் போனேன். எடை காட்டும் மெஷின் எரிகிறது, கம்ப்யூட்டரில் மற்ற எல்லாம் ஓடுகிறது, எண் மட்டும் வரவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால் சீரியல் கேபிள் நடுவில் இரண்டு துண்டு, பக்கத்தில் எலிப் புழுக்கை. அரிசி மில்லில் எலிக்கு என்ன குறை, அரிசியை விட்டுவிட்டு அதைப் போய்க் கடித்திருக்கிறது. ஒப்பந்தத்தின் ஆறாம் கட்டத்து அரைப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன்: கரண்ட், இண்டர்நெட், எடைமேடை மெஷின், வயர் இவற்றால் நின்றால் அந்த நாள் கணக்கில் வராது, எண்ணிக்கையும் திரும்பத் தொடங்காது. எலி என்று எழுதவில்லைதான். அண்ணாச்சி கேபிளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, வயருன்னுதான் எழுதியிருக்கியள்லா" என்று சொல்லிவிட்டு, புதுக் கேபிள் வாங்க ஆள் அனுப்பினார்.

ஒரு நாளைத் தள்ளி 31-ம் நாள் கையெழுத்துப் போட்டார். பில் அன்றைக்கே போனது, 12-ம் நாள் பணம் வந்தது. கேபிளை இப்போது இரும்புக் குழாய்க்குள் விட்டிருக்கிறார்கள்.